ஏறிய சதவீதத்தை வைத்துப் போனின் மீதி சார்ஜ் நேரத்தைக் கணக்கிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இவ்வளவு நேரத்தில் இத்தனை சதவீதம் ஏறியிருக்கு. மீதி ஏற எவ்வளவு நேரம் ஆகும்? சட்டுனு ஒரு கணக்கு சொல்லுங்க.

ஆன நிமிடங்களை ஏறிய சதவீதத்தால் வகுங்கள், ஒரு சதவீதத்துக்கு எத்தனை நிமிடம் என்று வரும். அதை இன்னும் ஏற வேண்டிய சதவீதத்தால் பெருக்குங்கள். அவ்வளவுதான்.

```
மீதி நேரம் = (ஆன நிமிடம் ÷ ஏறிய %) × (வேண்டிய % − இப்போதைய %)
```

இது கிட்டத்தட்ட 80 வரைக்கும் நன்றாகவே பொருந்தும். 100 வரை நிரம்பும் நேரம் வேண்டுமென்றால் இதை அப்படியே நம்பக் கூடாது. ஏன், எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதுதான் கீழே பாதிக்கு மேல் வரப் போகிறது.

எண்ணை வைத்து ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன்.

போன் 23-ல் இருக்கும்போது சார்ஜரில் செருகுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 6:44-க்கு 24 ஆக மாறுகிறது, 7:02-க்கு 36 ஆக மாறுகிறது. 18 நிமிடத்தில் 12 சதவீதம், ஆக ஒரு சதவீதத்துக்கு ஒன்றரை நிமிடம். 80-ஐத் தொட இன்னும் 44 வேண்டும், 44 × 1.5 என்றால் 66 நிமிடம், 8:08-க்கு எட்டிவிடும்.

செருகிய நேரத்தை நான் கணக்கில் எடுக்கவே இல்லை, கவனித்தீர்களா? 23 என்று காட்டிய அந்த நேரத்தில் உள்ளே 23.1 இருந்ததா 23.9 இருந்ததா என்று தெரியாது. அதோடு, செருகியதும் சார்ஜரும் போனும் எவ்வளவு மின்னழுத்தம், எவ்வளவு மின்னோட்டம் என்று பேசி முடிவு செய்யச் சில நொடிகள் ஆகும், அதுவரை மெதுவாகத்தான் ஏறும். அதனால் முதல் மாற்றம் நடக்கும் வரை விட்டுவிட்டு அங்கிருந்து கடிகாரத்தை ஓட விடுவதுதான் சுத்தமான வழி.

ரெண்டு மூணு சதவீதம் ஏறினதுமே கணக்கு போட்டா தாறுமாறா வருது, ஏன்?

திரையில் முழு எண் மட்டும்தான் தெரிகிறது, குழப்பமெல்லாம் அதனால் வருவது. ஏதோ ஒரு நேரத்தில் பார்த்தபோது 37, பத்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது 40. மூன்று ஏறியதாகத் தோன்றும். ஆனால் முதலில் பார்த்தபோது 37.9 ஆகவும் பிறகு 40.0 ஆகவும் இருந்திருக்கலாம், அப்படியானால் ஏறியது இரண்டுக்குச் சற்று மேல். அல்லது 37.0-லிருந்து 40.9-க்குப் போயிருக்கலாம், அப்படியானால் ஏறக்குறைய நான்கு. இன்னும் 60 சதவீதம் ஏற வேண்டுமென்றால் ஒரு கணக்கு 300 நிமிடம் என்று சொல்லும், இன்னொன்று 150 நிமிடம் என்று சொல்லும். இரண்டுக்கும் நடுவில் 200 என்று ஒரு எண் வந்து உங்களை நம்ப வைக்கும்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, எண் மாறும் அந்த நேரத்தைப் பிடித்து அளப்பது. மாறியதிலிருந்து மாறியது வரை அளந்தால் அந்தப் பின்னத் தகராறு பெருமளவு போய்விடும், நாலைந்து சதவீதத்திலேயே உருப்படியான வேகம் கிடைக்கும். இரண்டாவது, காத்திருப்பது. 12 ஏறிய பிறகு, எப்போது பார்த்தாலும், உண்மையான ஏற்றம் 11-க்கும் 13-க்கும் நடுவில்தான் இருக்க முடியும், பிழை பத்து சதவீதத்துக்குள் அடங்கிவிடும். அவசரமாகக் கிளம்ப வேண்டிய நேரத்தில் முதல் வழி, சும்மா இருக்கும் நேரத்தில் இரண்டாவது.

80 வரைக்கும் கணக்கு கரெக்டா வருது. அதுக்கு மேல மட்டும் சொன்ன நேரம் தாண்டியும் நிரம்பவே மாட்டேங்குது. பேட்டரி கெட்டுப்போச்சா?

பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. லித்தியம்-அயன் பேட்டரியை நிரப்பும் முறையே இப்படித்தான், அது இரண்டு கட்டமாக நடக்கிறது.

முதல் கட்டத்தில் சார்ஜ் செய்யும் சிப் மின்னோட்டத்தைப் பிடித்து வைக்கிறது, மின்னழுத்தம் தானாக ஏறிக்கொண்டே போகும். மின்னோட்டம் மாறாததால் ஒவ்வொரு சதவீதமும் ஏறக்குறைய ஒரே நேரம் எடுத்துக்கொள்ளும். மேலே போட்ட பெருக்கல் கணக்கு வேலை செய்வது இந்தக் கட்டத்தில்தான். பேட்டரியின் மின்னழுத்தம் அதன் உச்ச வரம்பைத் தொட்டதும் (பழைய பேட்டரிகளில் 4.2 வோல்ட், இப்போதைய பல போன்களில் 4.4-க்குப் பக்கம்) ஆட்டம் தலைகீழாக மாறுகிறது. அதற்கு மேல் அழுத்தினால் பேட்டரிக்குக் கேடு. எனவே சிப் இப்போது மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மின்னோட்டத்தைக் குறைய விடுகிறது. பேட்டரி நிரம்ப நிரம்ப உள்ளே போகும் மின்னோட்டம் சரிந்துகொண்டே வரும், தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்ததும் சிப் போதும் என்று நிறுத்தும். எந்த அளவில் நிறுத்துவது என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது.

ஆக முதல் கட்டத்தின் வேகத்தை எடுத்துக்கொண்டு இரண்டாம் கட்டத்தையும் சேர்த்துப் பெருக்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். வேகம் மாறும் அந்த இடத்தைத் திருப்பம் என்று சொல்லிக்கொள்வோம், கீழே அடிக்கடி வரும்.

அப்போ 100 வரைக்கும் எப்படித்தான் கணக்கு போடுறது?

திருப்பத்துக்கு முன், திருப்பத்துக்குப் பின் என்று இரண்டாகப் பிரித்துப் போடுங்கள்.

திருப்பத்துக்கு அப்புறம் மின்னோட்டம் குறையும் விதம், நிரம்ப இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறதோ அதற்கு விகிதமாக என்று எடுத்துக்கொள்ளலாம். அதாவது மடக்கைக் கணக்கில் வரும் அந்தச் சரிவு. மின்னோட்டம் பத்தில் ஒரு பங்குக்கு வரும்போது நிறுத்தம் என்று வைத்தால், கடைசிப் பகுதி நேர்கோட்டுக் கணக்கு சொல்வதைப் போல ஏறக்குறைய 2.5 மடங்கு நேரம் எடுக்கும். ஐந்தில் ஒரு பங்கிலேயே போன் 100 என்று காட்டிவிட்டால் 2 மடங்கு. பல போன்கள் உண்மையான உச்சத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே 100 என்று காட்டிவிடும், அதனால் 2-லிருந்து 2.5-க்குள் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது.

நம் உதாரணத்துக்கு வருவோம். 7:02-க்கு 36, சதவீதத்துக்கு ஒன்றரை நிமிடம், திருப்பம் 80-ல். 8:08-க்கு 80. கடைசி 20-க்கு நேர்கோட்டுக் கணக்கு 30 நிமிடம்தான் தரும், அதாவது 8:38-க்கு நிரம்பிவிடும் என்று சொல்லும். இரண்டு மடங்கு வைத்தால் 60 நிமிடம், 9:08. இரண்டரைக்குச் சற்று மேல் வைத்தால் 77 நிமிடம், 9:25. நேர்கோட்டை நம்பி 8:38-க்குக் கிளம்பலாம் என்று நினைத்தவருக்கு அரை மணி முதல் முக்கால் மணி வரை இடிக்கும்.

அந்த 77 நிமிடத்தைப் பிரித்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். 80-லிருந்து 90-க்கு 20 நிமிடம், 90-லிருந்து 100-க்கு 57 நிமிடம். மெதுவாவதெல்லாம் கடைசிப் பத்தில் குவிந்து கிடக்கிறது. அவசரமாக வெளியே போக வேண்டியவர் 100-க்குக் காத்திருப்பதில் அர்த்தமே இல்லை என்பது என் கருத்து, 90-ல் பிடுங்கிவிட்டுப் போகலாம்.

நான் பார்க்க ஆரம்பிச்சதே 86-ல. திருப்பம் தாண்டிட்டதே, இப்போ என்ன செய்ய?

இங்கே அளந்த வேகமே ஏற்கெனவே மெதுவான வேகம், ஆனால் இனிமேல் இன்னும் மெதுவாகும். 86-லிருந்து 88-க்கு 4 நிமிடம் ஆனது என்றால் நேர்கோடு மீதி 12-க்கு 24 நிமிடம் என்று சொல்லும். மேலே சொன்ன சரிவை வைத்துப் போட்டால் 56 நிமிடம் பக்கம் வருகிறது. எனவே நேர்கோட்டு விடையை இரண்டால் பெருக்கி இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். 95-க்கு மேல் அளக்க உட்கார்ந்தால் கணக்கை விட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பதே நல்லது, ஒரே சதவீதம் பல நிமிடம் நின்றுவிட்டுச் சட்டென்று தாவும்.

திருப்பம் எல்லா போன்லயும் 80 தானா?

இல்லை, ஒரே போனில்கூட சார்ஜரைப் பொறுத்து மாறும். பேட்டரிக்குள் ஒரு மின்தடை இருக்கிறது. மின்னோட்டம் அதிகமாகப் பாயும்போது அந்தத் தடையால் முனைகளில் தெரியும் மின்னழுத்தம் உண்மையான நிலையைவிடக் கூடுதலாக இருக்கும், அதனால் உச்ச வரம்பைச் சீக்கிரமே தொட்டுவிடும். வேகமான சார்ஜரில் 60-லேயே, சில சமயம் அதற்கும் முன்னாலேயே வேகம் இறங்கத் தொடங்குவது இதனால்தான். கணினியின் யூஎஸ்பி துளையில் மெதுவாக ஏற்றும்போது 90 தாண்டியும் நேர்கோடாகவே போகும். பேட்டரிக்கு வயதானால் தடை கூடும், திருப்பம் இன்னும் முன்னால் வரும்.

அதிவேக சார்ஜிங்கில் இன்னொரு சிக்கல்: பல போன்கள் மின்னோட்டத்தைப் படிப்படியாக இறக்குகின்றன, ஒரே திருப்பத்துக்குப் பதிலாக நாலைந்து படிகள். அந்த மாதிரி போனில் மேலே சொன்ன இரண்டு கட்டக் கணக்கும் தோராயம்தான்.

உங்கள் போனில் எங்கே திரும்புகிறது என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு முறை சார்ஜ் போடும்போது ஒவ்வொரு பத்துக்கும் நேரத்தைக் குறித்து வையுங்கள். 30–40, 40–50, 50–60 எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரம் எடுத்து, பிறகு ஒரு பத்து திடீரென்று நீண்டால், அதுதான் இடம். அதே சார்ஜர், அதே கேபிள் என்றால் அந்தக் குறிப்பு ரொம்ப நாளைக்கு உதவும். சொல்லப் போனால் இந்தப் பக்கத்தில் இருக்கும் எல்லாச் சூத்திரத்தையும்விட அந்தக் குறிப்பு மேல்.

ஆண்ட்ராய்டுல இதை எண்ணாவே பார்க்க முடியுமா?

முடியும். டெவலப்பர் வசதிகளைத் திறந்து, அதில் டீபக்கிங்கை இயக்கி, adb என்ற கருவி உள்ள கணினியிலிருந்து இதைக் கொடுங்கள்:

```
adb shell dumpsys battery
```

வரும் வரிகளில் `level` என்பது சதவீதம், `voltage` மில்லிவோல்ட்டில், `temperature` பத்தில் ஒரு பாகை செல்சியஸில் (312 என்றால் 31.2). சதவீதம் ஏறிக்கொண்டே இருக்க, `voltage` மட்டும் ஒரே எண்ணில் நின்றுவிட்டால் இரண்டாம் கட்டத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்தால் போன் கணினியிலிருந்து சார்ஜ் ஏறும், நீங்கள் அளப்பது உங்கள் சார்ஜரை அல்ல. ஆண்ட்ராய்டு 11 முதல் வைஃபை வழியாகவே இணைக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

செருகினதுலேர்ந்து மொத்தமா சராசரி எடுக்கலாமா, இல்ல கடைசி பத்து நிமிஷம் போதுமா?

கடைசியாக ஏறிய ஐந்து முதல் பத்து சதவீதம். 8-ல் செருகி இப்போது 70-ல் நிற்கிறீர்கள் என்றால், மொத்தச் சராசரியில் அந்த ஆரம்ப வேகமும் கலந்திருக்கும், ஆனால் அந்த வேகம் இனி வரப் போவதில்லை. அதே சமயம் ஒன்றிரண்டு சதவீதத்தை மட்டும் எடுத்தால் மேலே பார்த்த முழு எண் தகராறு திரும்ப வந்துவிடும். ஐந்துக்குக் குறையாமல், எண் மாறும் இடத்திலிருந்து அடுத்த மாற்றம் வரை.

சார்ஜ் போட்டுக்கிட்டே வீடியோ பார்த்தா கணக்கு கெடுமா?

நீங்கள் அளந்தது உள்ளே போனதிலிருந்து செலவானது போக மிச்சம். வீடியோ ஓடும்போதே அளந்து, நிரம்பும் வரை வீடியோ ஓடிக்கொண்டே இருந்தால் கணக்கு சரியாகவே வரும், தனியாக எதையும் கழிக்க வேண்டாம். நடுவில் நிறுத்தினால் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே நிரம்பும், நடுவில் தொடங்கினால் தாமதமாகும். பழக்கம் மாறினால் திரும்ப அளந்துகொள்ளுங்கள்.

விளையாட்டு என்றால் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை, அங்கே செலவு மட்டுமல்ல, சூடும் சேர்ந்து வரும். போன் சூடானால் சிப் தானாகவே மின்னோட்டத்தைக் குறைக்கும், 45 பாகையை நெருங்கினால் சில போன்கள் சார்ஜ் ஏற்றுவதையே நிறுத்திவிடும். 50-லேயே வேகம் பாதியாகக் குறைந்தது போலத் தெரிந்தால் திருப்பம் என்று முடிவு கட்டுவதற்கு முன் போனைத் தொட்டுப் பாருங்கள். சூட்டினால் வந்த மந்தம் என்றால் ஆறியதும் வேகம் திரும்பும், திருப்பத்தால் வந்தது என்றால் திரும்பாது.

சார்ஜர்ல 33 வாட்னு போட்டிருக்கு. பேட்டரி 5000 எம்ஏஎச். நேரடியா வகுத்துடலாமே?

வகுக்கலாம், ஆனால் கிடைக்கும் விடை கனவு விடை. 5000 எம்ஏஎச் பேட்டரியைச் சராசரி 3.85 வோல்ட்டால் பெருக்கினால் ஏறக்குறைய 19 வாட்-மணி. அதை 33-ஆல் வகுத்தால் 35 நிமிடம். 33 என்பது சார்ஜர் கொடுக்கக் கூடிய உச்சம். போன் அதைக் கேட்பது ஆரம்பத்தில் கொஞ்ச நேரம், அதுவும் குளிர்ச்சியாக இருந்தால். அப்புறம் மின்னழுத்தத்தை மாற்றும்போது கொஞ்சம் வெப்பமாக வீணாகிறது, திரைக்குக் கொஞ்சம் போகிறது, கேபிள் சரியில்லை என்றால் அந்த வேகமே கிடைக்காது. சதவீதத்தை வைத்துப் போடும் கணக்கின் அழகே இந்த எதையும் தெரிந்துகொள்ளத் தேவையில்லை என்பதுதான். எல்லாக் குறைகளும் ஏற்கெனவே அந்த வேகத்துக்குள் அடங்கியிருக்கின்றன.

போனே "நிரம்ப இவ்வளவு நேரம்"னு காட்டுதே, அது போதாதா?

போதும், பொறுமை இருந்தால். செருகிய உடனே வரும் எண் அடிக்கடி குதிக்கும், சில நிமிடம் விட்டுப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் செயலிகள் கேட்டு வாங்க `computeChargeTimeRemaining()` என்று ஒரு வசதி ஆண்ட்ராய்டு 9-லிருந்து இருக்கிறது. மில்லிநொடியில் விடை தரும், சொல்லத் தெரியவில்லை என்றால் -1 தரும். உங்கள் செயலியில் அந்த -1-ஐக் கவனிக்காமல் விட்டால் "மைனஸ் நேரம்" என்று திரையில் வந்து நிற்கும்.

எனக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் கொடுங்க.

திருப்பத்துக்கு முன்னால் அளந்த வேகத்தைக் கொடுத்தால் 80 வரை நேர்கோடாகவும் அதற்கு மேல் சரிவாகவும் போடும்:

```python
from math import log

def minutes_left(now, gained, minutes, target=100, knee=80):
    per = minutes / gained
    if target <= knee:
        return per * (target - now)
    d = (100 - knee) / 0.9
    tail = -d * log(1 - (target - knee) / d)
    return per * (knee - now + tail)
```

`minutes_left(36, 12, 18)` என்று கொடுத்தால் 143 நிமிடம் பக்கம் வரும், மேலே 9:25 என்று பார்த்தது அதுதான். `target=90` என்றால் 86 நிமிடம். `knee` என்ற இடத்தில் உங்கள் போனில் கண்டுபிடித்த திருப்பத்தைப் போடுங்கள். `now` அதைத் தாண்டியிருந்தால் இந்த ஸ்கிரிப்ட் பொருந்தாது. 0.9 என்பது மின்னோட்டம் பத்தில் ஒரு பங்குக்கு வரும்போது நிறுத்தம் என்ற அனுமானம், உங்கள் போன் சீக்கிரமே 100 காட்டும் ரகம் என்றால் 0.8 ஆக்கிப் பாருங்கள்.

80-ல வந்து அப்படியே நிக்குது, ஒரு மணி நேரமா அசையவே இல்ல.

இது கணக்கில் வராத விஷயம். பேட்டரியின் ஆயுளுக்காகப் போனே நிறுத்தி வைத்திருக்கிறது. ஐபோனில் ஐஓஎஸ் 13 முதல், இரவு முழுக்கச் செருகியிருக்கும் பழக்கத்தைக் கண்டுகொண்டு 80-ல் நிறுத்தி, நீங்கள் எழும் நேரத்தை ஒட்டி மீதியை ஏற்றும் வசதி இருக்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்களிலும் இதேபோல ஒன்று உண்டு, சிலவற்றில் 80 அல்லது 85-க்கு மேல் ஏறாதபடி வரம்பே வைக்கலாம். பேட்டரி அமைப்புகளில் போய்ப் பாருங்கள். திருப்பத்தில் வேகம் குறையும், ஆனால் நிற்காது. அரை மணி நேரம் ஒரு சதவீதமும் அசையவில்லை என்றால் முதல் சந்தேகம் இந்த வசதி மேல்தான்.

100 காட்டின பிறகும் சார்ஜர் சூடா இருக்கே, இன்னும் ஏறுதா?

பெரும்பாலும் ஆமாம். திரையில் 100 வந்த பிறகும் மின்னோட்டம் நிறுத்தப்படும் அளவுக்கு இறங்கக் கொஞ்ச நேரம் ஆகலாம். அந்த மிச்சம் சதவீதத்தில் தெரியாது, எனவே கணக்கிடவும் வழியில்லை. நீங்கள் கணக்கிட்ட நேரம் எண் 100 ஆகும் வரைக்கும்தான்.